பிழிந்து எடுத்த சொட்டு

ரத்ததான முகாம்களில் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை இருக்கும். அதன் மேல் நீல நிறக் கரைசல் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. வந்தவரின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அந்தக் கரைசலில் விடுவார்கள். 15 வினாடிக்குள் சொட்டு மூழ்கிவிட்டால் உள்ளே போகலாம். மிதந்தால் 'உங்களுக்கு ரத்தம் குறைவு' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குப்பியில் இருப்பது மயில்துத்தக் கரைசல். அதன் ஒப்படர்த்தி 1.053. ஒரு டெசிலிட்டரில் (100 மில்லியில்) 12.5 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ரத்தத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய அதுவே. இந்தியாவில் ரத்ததானம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச அளவும் அந்த 12.5 தான்.

எளிய, மலிவான, நம்பகமான சோதனை. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. கரைசல் சரியாக இருக்கலாம், வந்தவரின் உடம்பில் ரத்தமும் போதுமான அளவு இருக்கலாம். விரலை அமுக்கிய விதம் தவறாக இருந்தால் சொட்டு மிதக்கும். கரைசலுக்குப் பதிலாக இன்றைக்குப் பல இடங்களில் கையடக்க டிஜிட்டல் கருவி வந்துவிட்டது. அதற்கும் இதே கதைதான். கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், தனக்குக் கொடுக்கப்பட்ட சொட்டைத்தான் அது அளக்கும். அந்தச் சொட்டு முழுக்க ரத்தம்தானா என்று அதற்குத் தெரியாது.

சொட்டில் என்ன இருக்கிறது?

கை மடிப்பில் ஊசி போட்டு எடுக்கும்போது வருவது சிரையில் ஓடும் ரத்தம். வேறு எதுவும் கலப்பதில்லை. விரல் நுனியில் அப்படியல்ல. அங்கே தோலுக்குச் சற்றுக் கீழே தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளும், கொண்டுபோகும் சிறு சிரைகளும் உண்டு. ஊசி இறங்கும்போது இவை எல்லாம் ஒன்றாக அறுபடுகின்றன. கூடவே தந்துகிகளைச் சுற்றியுள்ள திசுவும் கிழிகிறது. அந்தத் திசுவின் செல்களுக்கு நடுவே எப்போதும் ஒரு நிறமற்ற நீர் தேங்கியிருக்கும். அதுதான் திசுத் திரவம். கொப்புளம் உடைந்தால் கசியுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரியான நீர்.

சிவப்பணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியே வருவதில்லை. எனவே திசுத் திரவத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. ஒரு சொட்டில் அது எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவுக்கு ஹீமோகுளோபின் அளவு கீழே இறங்கும். பாலில் தண்ணீர் கலப்பது போலத்தான். பால்காரர் கலப்பது தெரிந்து செய்வது. இங்கே கலப்பவருக்குத் தான் கலக்கிறோம் என்பதே தெரிவதில்லை.

எவ்வளவு கலந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் கருவியில் வைக்கும் சிறு தட்டு சுமார் 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு அது. அந்தப் பத்தில் ஒரு மைக்ரோலிட்டர் திசுத் திரவமாக இருந்துவிட்டால், அளவு பத்து சதவீதம் குறையும். உண்மையில் 12.1 கிராம் உள்ள ஒரு பெண்ணுக்குக் கருவி 10.9 என்று காட்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் ரத்தசோகை இல்லை. 11 முதல் 11.9 வரை லேசான ரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தர ரத்தசோகை. ஆக, ஒரு குறையும் இல்லாத அந்தப் பெண் 'லேசான' கட்டத்தைத் தாண்டி நேராக 'நடுத்தர' கட்டத்தில் போய் விழுகிறார். கலந்ததோ கண்ணுக்குத் தெரியாத ஒரு மைக்ரோலிட்டர். முகாமில் நிற்பவர் விஷயத்தில் இதில் பாதி கலந்தாலே போதும். 13 கிராம் உள்ளவரின் சொட்டு, 12.4 உள்ளவரின் சொட்டைப் போல் நடந்துகொள்ளும். அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தத் திரவம் தானாக வெளியே ஓடி வருவதில்லை. ரத்தம் வருவது இதயத்தின் அழுத்தத்தால். திசுத் திரவம் வருவது விரலின் அழுத்தத்தால். காயத்தின் இரு பக்கமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பசுவின் மடியைப் பீய்ச்சுவது போல் பீய்ச்சினால், ஈரத் துணியைப் பிழிந்தது போல் திசுவிலிருந்து நீர் வெளியேறி ரத்தத்தோடு கலக்கிறது. ஆகவே பரிசோதனைக் கூடக்காரர்களுக்குச் சொல்லித் தரப்படும் பாதி விதிகள் ஒரே ஒரு நோக்கத்துக்கானவை: பிழிய வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது.

எந்த விரல், எந்த இடம்?

பெரியவர்களுக்கு நடு விரல் அல்லது மோதிர விரல். வலக்கைக்காரருக்கு இடக்கை, இடக்கைக்காரருக்கு வலக்கை. அதிகம் வேலை செய்யாத கையில் தோல் மெலிதாக இருக்கும். குத்திய பிறகு வலித்தாலும் வேலை கெடாது. கட்டை விரலின் தோல் தடிமன். ஆள்காட்டி விரல் காய்த்துப் போயிருக்கும், வலியையும் அதிகம் உணரும். சுண்டு விரலில் சதை மிகக் குறைவு, ஊசி எலும்பைத் தொட்டுவிடலாம். கடைசியில் மிஞ்சுவது இரண்டே விரல்கள்.

மோதிர விரல் என்று பெயர் இருப்பதாலேயே ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலோர் அந்த விரலில்தான் மோதிரம் போட்டிருப்பார்கள். இறுக்கமான மோதிரம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை என்றால் நடு விரலுக்குப் போய்விட வேண்டும். வீங்கிய விரலையும் தொடக்கூடாது. வீக்கம் என்பதே திசுவில் நீர் தேங்கியிருப்பதுதான். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அங்கே கலப்படம் நிச்சயம். கால் கை வீங்கிய கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது முக்கியம். நீலம் பாய்ந்த விரல், புண் உள்ள விரல், நேற்றுக் குத்திய அதே இடம் ஆகியவையும் கூடாது.

விரலைத் தேர்ந்த பிறகு இடம். கைரேகை இருக்கும் சதைப்பற்றான மேட்டின் நட்ட நடுவிலிருந்து சற்றே ஒரு பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். நகத்தை ஒட்டிய ஓரத்திலோ விரலின் நுனியிலோ குத்தினால் வலிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடங்களில் சதையின் கனம் நடுப்பகுதியில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே எலும்பு பக்கத்தில் இருக்கிறது. வெட்டு ஊசியாக இருந்தால் அது கைரேகைக் கோடுகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். கோட்டுக்கு இணையாக விழுந்தால் ரத்தம் வாய்க்காலில் ஓடுவது போல் கோட்டின் வழியே வழிந்து பரவிவிடும். குறுக்கே விழுந்தால் உருண்டையாக நிற்கும். உருண்டையாக நிற்கும் சொட்டைத்தான் சுத்தமாக உறிஞ்ச முடியும்.

குழந்தைகளுக்கு விதி வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் விரலில் குத்தவே கூடாது. கைக்குழந்தையின் விரலில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே இருப்பது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். ஊசி எலும்பைத் தொட்டால் கிருமி புகுந்து எலும்பே சீழ் பிடிக்கலாம். அந்த வயதில் குதிகால்தான் இடம். அதிலும் குதிகாலின் பின்வளைவு அல்ல. உள்ளங்காலின் குதிப் பகுதியில் வெளிப்புற ஓரமும் உட்புற ஓரமும். நடுவில் எலும்பு மேலே இருப்பதால் அங்கே தொடக்கூடாது. ஆறு மாதம் கடந்து, எடையும் பத்து கிலோவைத் தாண்டிய பிறகு விரலுக்கு வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2010ல் வெளியிட்ட வழிகாட்டி. ஊசியின் ஆழமும் வயதைப் பொறுத்தது. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை 1.5 மில்லிமீட்டர், அதற்கு மேல் 2.4 மில்லிமீட்டர். இதற்கென்றே ஆழம் குறித்த, ஒரு முறை குத்தியதும் உள்ளே மடங்கிக்கொள்ளும் லான்செட்டுகள் கிடைக்கின்றன.

ஆழம் குறைவாக இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று நினைத்து மேலோட்டமாகக் குத்துபவர்கள் உண்டு. பலன் நேர்மாறாக இருக்கும். ரத்தம் போதுமான அளவு வராது, பிழிய வேண்டியிருக்கும், கடைசியில் மறுபடி குத்த வேண்டியிருக்கும். வயதுக்குரிய ஆழத்தில் ஒரே ஒரு தடவை குத்துவதுதான் குழந்தைக்குச் செய்யும் இரக்கம். தாயின் மடியில் உட்காரவைத்து, குழந்தையின் கையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இன்னொன்று: இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பக்கூடாது. அது வாய்க்குப் போய்த் தொண்டையில் சிக்கும். பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும் வரை அமுக்கிப் பிடித்தால் போதும்.

குத்துவதற்கு முன்னால்

நல்ல சொட்டு கிடைப்பதும் கிடைக்காததும் ஊசி இறங்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. குளிர்ந்த விரலில் தந்துகிகள் சுருங்கிக் கிடக்கும். அதை வெதுவெதுப்பான நீரிலோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியிலோ மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் ரத்த ஓட்டம் பல மடங்கு கூடும். சூடு 42 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. பிறகு கையை இதயத்தைவிடத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது தானாக உலரும்வரை, சுமார் அரை நிமிடம், காத்திருக்க வேண்டும். ஊதி உலர்த்தக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும், சிவப்பணுக்களையும் உடைக்கும். எரிச்சலும் அதிகம்.

குத்திய உடனே வரும் முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்தெறிய வேண்டும். கிழிந்த திசுவின் நீர் அதில்தான் அதிகம். தோலில் மிச்சமிருக்கும் ஸ்பிரிட்டும் அதோடு போய்விடும். ஹீமோகுளோபின் கருவிகளுக்கு இரண்டு அல்லது மூன்று சொட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது வழக்கம். அடுத்த சொட்டு வர உதவி வேண்டுமானால், காயத்திலிருந்து தள்ளி, விரலின் கணுப் பக்கம் மெதுவாக அழுத்தி விட வேண்டும். மறுபடி அழுத்தி மறுபடி விட வேண்டும். விடும் நேரத்தில்தான் தந்துகிகளில் புது ரத்தம் நிரம்புகிறது. அழுத்தியபடியே பிடித்திருந்தால் ரத்தம் வர வழியில்லை. திசுவின் நீர்தான் வரும்.

தட்டின் முனையை சொட்டில் ஒரே முறை தொட்டு முழுவதும் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பியதை இன்னொரு சொட்டில் தொட்டு நிரப்பினால் உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடும், அளவு தப்பாகும். வெளிப்புறம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்க வேண்டும். ஆனால் துடைக்கும்போது திறந்த முனையில் பஞ்சு படக்கூடாது. பட்டால் உள்ளே இருப்பதையும் பஞ்சு உறிஞ்சிவிடும்.

சொட்டு சரியில்லை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நல்ல சொட்டு அடர் சிவப்பாக உருண்டு நிற்கும், தானாகப் பெரிதாகும். கலப்படச் சொட்டு வெளிறி, நீர்த்து, தோலில் பரவும். அமுக்கினால் வரும், விட்டால் நின்றுவிடும். அப்படியானால் அந்த விரலோடு மல்லுக்கட்டாமல், கையைச் சூடாக்கி வேறு விரலில் புது ஊசியால் குத்துவதே சரி.

ஒரு கர்ப்பிணியின் கணக்கு

இதெல்லாம் நடைமுறையில் எப்படிப் போகும் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ராஜஸ்தானில் ஒரு கிராமம். ஜனவரி மாதக் காலை என்று வைத்துக்கொள்வோம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. வரிசையில் முப்பது பேர், நர்ஸ் ஒருவர். எட்டாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண் வருகிறார். சாணம் தட்டி, தண்ணீர் சுமந்து, விறகு வெட்டிக் காய்த்த கைகள். விரல்கள் பனிக்கட்டி மாதிரி. நர்ஸ் அவருடைய வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துக் குத்துகிறார். ரத்தம் எட்டிப் பார்த்து நின்றுவிடுகிறது. வரிசை நீள்கிறது. நர்ஸ் விரலைப் பிழிகிறார். கருவி காட்டுவது 6.7.

கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோடு விஷயம் முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிரை வழியாக மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்கு ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். 7 முதல் 9.9 வரை இருந்தால் நடுத்தர வகை. தினமும் இரண்டு மாத்திரை, தொடர்ந்து பரிசோதனை. இரண்டுக்கும் நடுவே அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் தூரம் அதிகம். ஜீப் வாடகை, கணவரின் கூலி, வீட்டில் விட்டுச் செல்லும் மூத்த குழந்தை.

நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. சொட்டு வெளிறியிருந்ததைப் பார்த்தார். 'கொஞ்சம் உட்காரும்மா' என்று சொல்லி, அந்தப் பெண்ணின் இடது கையை நான்கு நிமிடம் வெந்நீர்த் துணியில் சுற்றிவைத்தார். மோதிர விரலில் கழற்ற முடியாத வெள்ளி மோதிரம். எனவே நடு விரல். ஸ்பிரிட் உலர்ந்ததும் மேட்டின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளிக் குத்தினார். மூன்று சொட்டுகளைத் துடைத்தார், நான்காவது தானாக உருண்டு நின்றது. கருவி காட்டியது 7.3. எல்லைக் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் விரலை நம்பி முடிவெடுக்கவில்லை. கை மடிப்பிலிருந்து இரண்டு மில்லி எடுத்து பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே 7.4.

அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை இருக்கிறது, சிகிச்சை அவசியம். அதில் மாற்றமில்லை. ஆனால் 7.4ல் பத்து சதவீதம் போனால் 6.7. அந்தப் பத்து சதவீதம் அவருடைய உடம்பில் குறையவில்லை. நர்ஸின் இரண்டு விரல்களுக்கு நடுவே குறைந்தது.

எவ்வளவு நம்பலாம்?

எல்லா விதிகளையும் கடைப்பிடித்தால் விரல் ரத்தம் சிரை ரத்தத்துக்குச் சமமாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் பாண்ட், ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் என்ற இரு ஆய்வாளர்கள் 2015ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே விரலில், ஒரே குத்திலிருந்து அடுத்தடுத்து வந்த சொட்டுகளைத் தனித்தனியாக அளந்தார்கள். சொட்டுக்குச் சொட்டு ஹீமோகுளோபின் அளவு மாறியது. சிரை ரத்தம் தரும் நிலையான பதில் கிடைக்க வேண்டுமானால் ஆறு முதல் ஒன்பது சொட்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. நாம் எடுப்பது ஒரே ஒரு சொட்டு.

இங்கே இரண்டு வகைத் தவறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொட்டுக்குச் சொட்டு வரும் வித்தியாசம் மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆயிரம் பேரின் சராசரியில் அது பெருமளவு கரைந்துவிடும். பிழிவதால் வரும் தவறு அப்படியல்ல. அது எப்போதும் ஒரே பக்கம்தான் போகும், கீழ்நோக்கி. ஆயிரம் பேரை அளந்தாலும் கரையாது. ஆயிரம் மடங்காகச் சேரும்.

இந்த வேறுபாடு நம் நாட்டில் ஒரு பெரிய விவாதத்தின் நடுவில் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் அளந்தது. 2015-16ல் நடந்த நான்காவது ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 2019-21ல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 67.1 சதவீதம். இவற்றுக்கு நடுவே, 2016-18ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு குழந்தைகளின் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் அளந்தது. அதில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் சுமார் 41 சதவீதத்தினருக்குத்தான் ரத்தசோகை.

இந்த இடைவெளி முழுவதையும் விரல் குத்தலின் தலையில் கட்டிவிட முடியாது. வயது வரம்பு வேறு, அளந்த முறை வேறு. ஆனால் விரல் ரத்தமா சிரை ரத்தமா என்பதை அலட்சியப்படுத்தவும் முடியவில்லை. ஆறாவது குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை விலக்கி, சிரை ரத்தத்தை எடுக்கும் தனி ஆய்வுக்கு அதை மாற்றுவது என்று 2023ல் முடிவானது. உலக சுகாதார நிறுவனமும் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில் ரத்தசோகையைக் கண்டறியச் சிரை ரத்தத்தையும் தானியங்கி இயந்திரத்தையுமே பரிந்துரைத்திருக்கிறது. மறுபக்கமும் உண்டு. மின்சாரமும் பரிசோதனைக் கூடமும் இல்லாத கிராமத்தில் விரலை விட்டால் வேறு வழி கிடையாது. சந்தேகத்துக்குரியவர்களைச் சலித்தெடுக்க விரல் போதும். தீர்ப்பு எழுதத்தான் போதாது.

சர்க்கரைக்கும் இதே விதியா என்று வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். திசுத் திரவத்தில் ஹீமோகுளோபின் இல்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறது, ரத்தத்தில் உள்ள அளவுக்கு நெருக்கமாகவே இருக்கிறது. எனவே சிறிது கலந்தால் ஹீமோகுளோபினைப் போல் அவ்வளவு கெடாது. பலமாகப் பிழிவது மட்டும் இங்கேயும் கூடாது. இங்கே பெரிய எதிரி தோலின் மேல் இருக்கும் சர்க்கரை. மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் கருவி பழத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்திருந்தால் முதல் சொட்டையே எடுத்துக்கொள்ளலாம். கழுவ வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பது நல்லது.

டெங்கு காலத்தில் எல்லோரும் கேட்கும் தட்டணு எண்ணிக்கைக்கு விரல் சரியான இடமல்ல. காயம் பட்டதுமே தட்டணுக்கள் ஓடி வந்து அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் வேலை. ஒட்டியது போக மிஞ்சியதே குழாயில் வரும்; எண்ணிக்கை குறைவாகத் தெரியும். அறுபதாயிரமா ஐம்பதாயிரமா என்று குடும்பமே கவலைப்படும் நாட்களில் கை மடிப்பிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் விரலையோ உங்கள் குழந்தையின் விரலையோ யாராவது பிடிக்கும்போது நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. வரிசையில் நிற்கும்போதே கைகளைத் தேய்த்துச் சூடாக்கித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். புது லான்செட்தான் எடுக்கிறார்களா என்று பாருங்கள். முதல் சொட்டைத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். பிழிய ஆரம்பித்தால், 'வேறு விரலில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வந்த எண் எல்லைக்கோட்டின் பக்கத்தில் இருந்தாலோ, போன மாதத்து எண்ணைவிடக் காரணமில்லாமல் ஒரு கிராமுக்கு மேல் குறைந்திருந்தாலோ, மாத்திரையையும் கவலையையும் தொடங்குவதற்கு முன்னால் சிரை ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.